உப்புத் தடவிய கோழி எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: முழுக் கோழியை ஓவனில் சுடுவதற்கு முன் உப்புத் தடவி வைத்தால் தோல் மொறுமொறுப்பாக வரும் என்றார்கள். அரை மணி நேரம் வைத்துச் சுட்டேன். தோல் ரப்பர் போல வந்தது, முன்பைவிட மோசம். உண்மையில் எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும்? சுடும் நேரம் அதனால் மாறுமா? வான்கோழிக்கும் இதே கணக்குதானா?

பதில்:

நீங்கள் எடுத்துச் சுட்ட அந்த அரை மணி நேரம்தான் இந்த முறையிலேயே மிக மோசமான நேரம். உப்பே தடவாமல் சுட்டிருந்தாலும் தோல் அதைவிட நன்றாக வந்திருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும். அதனால் உப்புத் தடவிய நொடியிலிருந்து கோழிக்கு என்ன நடக்கிறது என்பதை மணிக்கணக்கோடு சொல்கிறேன்.

உப்பு விழுந்த சில நிமிடங்களில் மேற்பரப்பில் நீர் கசியத் தொடங்குகிறது. வெளியே உப்பின் செறிவு அதிகம், உள்ளே குறைவு. அதனால் தசையில் உள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது. பதினைந்து, இருபது நிமிடங்களில் கோழி வியர்த்தது போல முத்து முத்தாக நீர் நிற்கும். அரை மணியில் தோல் முழுவதும் ஈரம். உப்பு அந்த நீரில் கரைந்து, அடர்த்தியான உப்புநீராகக் கோழியைப் போர்த்தியிருக்கும். நீங்கள் ஓவனுக்குள் வைத்தது இந்த நிலையில் இருந்த கோழியைத்தான். மேலே ஈரம், உள்ளே உப்பு இறங்கவில்லை, போதாக்குறைக்கு இறைச்சி கொஞ்சம் நீரையும் இழந்திருக்கிறது. மூன்று வகையிலும் நஷ்டம்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு காற்று திசை மாறுகிறது. கரைந்த உப்பு மெதுவாக இறைச்சிக்குள் பரவத் தொடங்குகிறது. உள்ளே போன உப்பு தசைப் புரதங்களின் கட்டைத் தளர்த்துகிறது. அவற்றில் ஒரு பகுதி கரைகிறது. தசைநார்கள் சற்று உப்பி, வெளியே வந்து நின்ற நீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இப்படித் தளர்ந்த புரதம் பிறகு சூடாகும்போது முன்பு போல இறுகிப் பிழிந்துகொள்வதில்லை. நெஞ்சுக்கறி வறளாமல் இருப்பதற்கு இதுவே காரணம். உப்பு வெளியிலிருந்து புதிதாக நீர் எதையும் கொண்டுவருவதில்லை. இருக்கிற நீரைச் சுடும்போது விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. உப்புநீரில் மூழ்க வைக்கும் முறையில் இறைச்சி கூடுதல் நீரைக் குடித்துவிடுகிறது. சாறு அதிகம் தெரிந்தாலும் சுவை நீர்த்துப்போகும், தோலும் நனைந்துவிடும். தோலுக்காகவே இதைச் செய்கிறீர்கள் என்றால் உலர்ந்த உப்புதான் சரியான வழி.

இரண்டு, மூன்று மணி நேரத்தில் மேற்பரப்பு ஈரம் பெரும்பாலும் உள்ளே போய்விடும். அப்போதே சுட்டால் இறைச்சி ஓரளவு நன்றாக இருக்கும். தோல் மட்டும் இன்னும் தயாராகியிருக்காது. தோலுக்கு வேண்டியது வேறு ஒன்று: குளிர்சாதனப் பெட்டியின் உலர்ந்த காற்று.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உப்புத் தடவிய கோழியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றியோ மூடிய பாத்திரத்திலோ வைத்துவிட்டு, மறுநாள் தோல் மொறுமொறுப்பாக வரவில்லையே என்று வருந்துகிறார்கள். மூடி வைத்தால் உப்பு இறைச்சிக்குள் இறங்கும், அதில் குறையில்லை. ஆனால் தோலில் உள்ள நீர் போக இடமில்லை. கோழியைத் திறந்தபடி, ஒரு கம்பி வலையின் மேல், அடியிலும் காற்று படும்படி வைக்க வேண்டும். தோல் என்பது பெரும்பாலும் நீர், கொழுப்பு, கொலாஜன். சுடும்போது கொழுப்பு உருகி வடிய வேண்டும், கொலாஜன் இளக வேண்டும், நீர் முழுவதும் வெளியேற வேண்டும். அப்போதுதான் அது மெல்லிய தகடாகி நொறுங்கும். ஓவனில் செய்ய வேண்டிய உலர்த்தலில் பாதியைக் குளிர்சாதனப் பெட்டி முந்தைய இரவிலேயே செய்து முடித்துவிடுகிறது.

தயாராகிவிட்டதா என்பதைக் கண்ணும் விரலும் சொல்லும். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு தோலின் வெண்மை மங்கி, இறுகி, சதையோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கும். இருபது மணியைத் தாண்டினால் சில இடங்களில் தோல் கண்ணாடித்தாள் போலாகி, அடியில் உள்ள சதையின் நிறம் தெரியத் தொடங்கும். விரலை வைத்து எடுத்தால் பிசுபிசுக்கக் கூடாது. காய்ந்த காகிதத்தைத் தொட்டது போல இருக்க வேண்டும். எங்காவது இன்னும் ஈரம் தெரிந்தால், பெரும்பாலும் இறக்கை மடிப்பிலும் தொடை இடுக்கிலும், காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள்.

ஆக முழுக் கோழிக்கு என் விடை: குறைந்தது 8 மணி நேரம், சிறந்தது 18 முதல் 24 மணி நேரம், எல்லை 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் தோல் அளவுக்கு மீறிக் காய்ந்து, சுட்ட பிறகு மொறுமொறுப்புக்குப் பதில் தோல்வார் போல இழுபடும். வெளிப்புற இறைச்சியும் பதப்படுத்திய பன்றித் தொடையின் கெட்டித்தன்மைக்கு மாறத் தொடங்கும். நார் நாராகப் பிரியாமல் வழவழப்பாக வெட்டுப்படும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அவ்வளவு நேரம் கையில் இல்லை, ஒரு மணிதான் இருக்கிறது என்றால், சுடுவதற்குச் சற்று முன் தோலை நன்றாகத் துடைத்து, உப்பைத் தூவியவுடனே ஓவனில் வைத்துவிடுங்கள். நீர் கசிவதற்குள் வெப்பம் பட்டுவிடும். உடனே அல்லது நெடுநேரம் கழித்து. இடைப்பட்ட அரை மணிதான் ஆகாது.

இனி ஒரு கோழியை முழுவதுமாகப் பார்ப்போம். எடை 1.6 கிலோ, நாளை மாலை ஆறு மணிக்கு ஓவனில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இன்று மாலை ஏழு மணி. கோழியைக் கழுவ வேண்டாம். கழுவினால் பச்சை இறைச்சியின் கிருமிகள் தொட்டியிலும் மேடையிலும் தெறிப்பதைத் தவிர எந்தப் பயனும் இல்லை. காகிதத் துண்டால் உள்ளும் புறமும் அழுத்தித் துடையுங்கள். உப்பைத் தராசில் நிறுங்கள். எலும்போடு சேர்த்த எடையில் 1.2 சதவீதம் என் அளவு. 1,600 கிராமுக்கு 19 கிராம். முதல் முறை என்றால் 1 சதவீதமான 16 கிராமில் தொடங்கலாம். கரண்டி அளவை நம்பாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொடியுப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம் இருக்கும். பரல் பெரிதான, காற்றோட்டமான உப்பு அதே தேக்கரண்டியில் அதில் பாதிதான் நிற்கும். ஒருவர் சொன்ன மூன்று கரண்டியை இன்னொருவர் வேறு உப்பில் போட்டால் கோழி வாயில் வைக்க முடியாமல் போய்விடும்.

இந்த 19 கிராமை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் கொழுப்புப் படலம் இருப்பதால் அதைக் கடந்து உப்பு போக நேரமாகும். கழுத்துப் பக்கத்திலிருந்து விரல்களை நுழைத்து, நெஞ்சின் மேலும் தொடையின் மேலும் உள்ள தோலைக் கிழியாமல் தளர்த்திக்கொள்ளுங்கள். ஏறத்தாழ பாதி உப்பை அந்தத் தோலுக்கு அடியில் நேரடியாக இறைச்சியின் மேல் தடவுங்கள்; நெஞ்சு பருத்த இடத்தில் அதிகம், ஓரங்களில் குறைவாக. மூன்று கிராம் போல வயிற்றுக்குள். மீதியைத் தோலின் மேல், ஓர் அடி உயரத்திலிருந்து தூவுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால்தான் சமமாகப் பரவும். இறக்கைக்கும் கால் நுனிக்கும் அதிகம் போடாதீர்கள். அங்கே சதை குறைவு, சீக்கிரம் கரித்துவிடும்.

தோலின் மேல் தூவும் பகுதியில் மட்டும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்துகொண்டால் தோல் இன்னும் நன்றாகப் பொரியும். அதன் காரத்தன்மை தோலைச் சீக்கிரம் சிவக்க வைக்கிறது. ஈரத்தில் பட்டு வெளியேறும் வாயு நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி நொறுங்கும் பரப்பைக் கூட்டுகிறது. சமையல் சோடாவை அதற்கு மாற்றாகப் போட்டுவிடாதீர்கள். அது பல மடங்கு வீரியமானது, சவர்க்காரக் கசப்பு ஏறிவிடும்.

சர்க்கரையும் மசாலாத்தூளும் போடலாமா என்று அடுத்துத் தோன்றும். உப்பைப் போல அவை ஆழமாக உள்ளே போவதில்லை; மிளகும் மூலிகையும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், அதிக வெப்பத்தில் கருகவும் செய்யும். வேண்டுமென்றால் தோலுக்கு அடியில் வையுங்கள், அங்கே கருகாது. வெண்ணெயைத் தோலின் மேல் பூசுவதை நான் விட்டுவிட்டேன். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர். ஒரு நாள் முழுவதும் உலர்த்திய தோலை மறுபடி நனைப்பானேன்? ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஓவனில் வைக்கும் முன் மெல்லத் தடவினால் போதும்.

கோழியை வலையோடு விளிம்புள்ள தட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில், மூடாமல் வையுங்கள். கீழ்த் தட்டு என்பது கட்டாயம்; மேலே வைத்தால் சொட்டும் நீர் மற்ற உணவில் விழும். பெட்டியின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். உப்புப் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் கோழியை மேடையில் வைத்துவிடாதீர்கள். இந்த அளவு உப்பு கிருமிகளைத் தடுக்காது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு எடுக்கும்போது 23 மணி நேரம் ஆகியிருக்கும். உப்பைக் கழுவ வேண்டாம். அது உள்ளே போய்விட்டது, தோலில் பரல் எதுவும் தெரியாது. நான் இப்படி வைத்து எடுத்த கோழி ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது சுமார் 40 கிராம் குறைந்திருந்தது. சுடும் நேரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இந்த 40 கிராமில்தான் இருக்கிறது.

ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க 100 கலோரி வெப்பம் வேண்டும். கொதிநிலையில் உள்ள அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஈரமான கோழியை ஓவனில் வைத்தால், ஓவன் தருகிற வெப்பத்தில் பெரும்பங்கு முதலில் இந்த ஆவியாக்கும் வேலைக்கே செலவாகிறது. அதுவரை தோலின் வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டாது. நிறமும் மணமும் வரும் சிவப்பேறுதல் அதைவிட மேலே, ஏறக்குறைய 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். 40 கிராம் நீரை ஆவியாக்கும் வெப்பத்தைக் கொண்டு கிட்டத்தட்ட 400 கிராம் கோழியிறைச்சியை 4 டிகிரியிலிருந்து 74 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம். கணக்கில் பார்த்தால் இது பெரிய மிச்சம்.

அப்படியென்றால் சுடும் நேரம் கால்வாசி குறைந்துவிடுமா? குறையாது. சுடும்போது கோழியிலிருந்து தொடர்ந்து நீர் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். தொடக்கத்தில் இருந்த மேல் ஈரத்தை மட்டுமே நாம் கழித்திருக்கிறோம். வெப்பம் தோலிலிருந்து தொடையின் நடுவரை போய்ச்சேரும் வேகத்தை உப்பு மாற்றுவதில்லை. என் ஓவனில் 220 டிகிரியில் முன்பு 75 நிமிடம் பிடித்த 1.6 கிலோ கோழி, இப்படி உலர்த்திய பிறகு 65 நிமிடத்தில் முடிகிறது. ஐந்து முதல் பத்து நிமிடம் வரை குறையும் என்று எதிர்பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது: நிறம் வரும் நேரம். ஈரக்கோழி நாற்பதாவது நிமிடத்தில்தான் பொன்னிறத்துக்கு வரத் தொடங்கும். உலர்ந்த கோழி இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே அந்த நிறத்தில் நிற்கும். இதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்தவர்கள் உண்டு. வெட்டினால் தொடை எலும்பருகே இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கும். நிறத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். தொடையின் மிகப் பருத்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும். 50 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். எங்கே பார்த்தாலும் 74 டிகிரிக்குக் குறையக் கூடாது. தொடை 80 வரை போனால் இன்னும் மிருதுவாகும். நெஞ்சின் தோல் முன்கூட்டியே கருத்தால் அந்த இடத்தை மட்டும் அலுமினியத் தாளால் மறையுங்கள், அல்லது வெப்பத்தை 190 டிகிரிக்குக் குறையுங்கள். உப்பு நெஞ்சுக்கறிக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. தொடை வேகும்வரை காத்திருக்கும்போது நெஞ்சு சில டிகிரி அதிகம் சூடானாலும் மரத்தூள் போல ஆகாது. நான் உப்பிடுவதற்கு முதற்காரணமே இந்த அவகாசம்தான்.

ஓவனில் கோழியைத் தாழ்ந்த விளிம்புள்ள தட்டில், வலையின் மேல் வையுங்கள். உயரமான பாத்திரத்துக்குள் வைத்தால், அல்லது அடியில் காய்கறிகளை நிறைத்தால், எழும் ஆவி பக்கத் தோலை நனைத்துவிடும். சுட்டு எடுத்த பிறகு 15 நிமிடம் ஆற விடுங்கள், ஆனால் தாளால் மூடாதீர்கள். ஒரு நாள் உழைத்துப் பெற்ற மொறுமொறுப்பை அந்த மூடிக்குள் சேரும் ஆவி பத்தே நிமிடத்தில் அழித்துவிடும்.

வான்கோழிக்கு வருவோம். உப்பின் சதவீதம் ஏறக்குறைய அதுவேதான்: 6 கிலோவுக்கு 60 முதல் 70 கிராம். நேரம்தான் வேறு, அது எடையைப் பொறுத்ததில்லை, தடிமனைப் பொறுத்தது. உப்பு ஊடுருவும் தூரம் இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய நேரம் நான்கு மடங்காகும். வான்கோழியின் நெஞ்சு கோழியினுடையதைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ தடிமன். அப்படிப் பார்த்தால் கோழிக்கு ஒரு நாள் என்றால் இதற்கு நான்கு நாள் வேண்டும். நடைமுறையில் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் நடுப்பகுதிவரை உப்பு சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. வறண்டுபோவது முதலில் வெளிப்புற இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். அங்கே உப்பு சேர்ந்தால் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டுவிடும். இரண்டு நாள் நல்லது, மூன்று நாள் மிக நல்லது. மூன்று நாள் வைப்பதானால் முதல் இரண்டு நாள் தளர்வாக மூடி வைத்து, கடைசி 24 மணி நேரம் மட்டும் திறந்து வையுங்கள். தோல் அளவுக்கு மீறிக் காயாது.

ஆனால் வான்கோழியில் ஒரு கண்ணி உண்டு. உறைந்த நிலையில் விற்கப்படும் வான்கோழிகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே உப்புக் கரைசல் ஊசி மூலம் ஏற்றப்பட்டிருக்கும். சில கோழிகளுக்கும் இப்படித்தான். உறையின் மேல் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். கரைசல், உப்பு, இத்தனை சதவீதம் வரை நீர் சேர்த்தது என்று ஏதாவது இருந்தால் இறைச்சிக்கு மேலும் உப்பு வேண்டாம். அப்போது தோலின் மேல் மட்டும் அரைத் தேக்கரண்டி உப்பும் பேக்கிங் பவுடரும் தூவி, ஒரு நாள் திறந்து உலர்த்துங்கள். தோலின் பலன் முழுவதும் கிடைக்கும். ஒரு முறை நான் இதைப் படிக்காமல் முழு அளவும் போட்டுவிட்டேன். விருந்துக்கு வந்தவர்கள் நெஞ்சுக்கறியை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

உறைந்த வான்கோழி உருகுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொரு இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கும் ஒரு நாள் ஆகும். பனிக்கட்டியாக இருக்கும் சதைக்குள் உப்பு இறங்காது. மேலே ஈரம் வந்து உப்பை வழித்துக்கொண்டு போகும். ஆகவே 6 கிலோ வான்கோழிக்கு மூன்று நாள் உருக, இரண்டு நாள் உப்பில், மொத்தம் ஐந்து நாள் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். 

கடைசியாக, தட்டில் வடியும் சாறு. உப்பிட்ட கோழியின் சாறு வழக்கத்தைவிட உப்பாக இருக்கும். அதை அப்படியே கொதிக்க வைத்துச் சுண்ட விட்டால் குழம்பு கரித்துவிடும். உப்பில்லாத எலும்புச் சாற்றைத் தனியாகச் சுண்ட வைத்துக்கொண்டு, வடிந்த சாற்றைக் கரண்டி கரண்டியாக, ருசி பார்த்துக்கொண்டே அதில் சேருங்கள். உப்பு சரியாக வந்ததும் நிறுத்திவிடுங்கள், தட்டில் இன்னும் சாறு மிச்சமிருந்தாலும்.